8.2 பெரிதா, 8.3 பெரிதா?

"தம்பி, 8.2 பெருசுங்களா, 8.3 பெருசுங்களா?" என்று கேட்டார் அவர். கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனியில் 29 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 58 வயது முடிந்து ஏப்ரல் கடைசியில் வெளியே வந்தவர். பி.எஃப். பணம் 24 லட்சம் மே மாதத்தில் வந்தது. கிராஜுவிட்டியும் விடுப்புச் சம்பளமுமாக இன்னொரு 14 லட்சம் ஜூனில் வந்தது. மொத்தம் 38 லட்சம். மாதா மாதம் வரப்போகும் பி.எஃப். பென்ஷனோ நாலாயிரத்துச் சொச்சம்தான். வீட்டுச் செலவுக்கு அதற்கு மேல் இருபதாயிரமாவது வேண்டும். பையன் தனியாக இருக்கிறான், அவனிடம் கேட்கிற எண்ணம் இல்லை.

8.2 என்பது மத்திய அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி. 8.3 என்பது அவருடைய வங்கிக் கிளையில் கொடுத்த ஒரு தாளில் இருந்தது. ஐந்தாண்டு டெபாசிட், வட்டி 7 சதவீதம், பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'ஆண்டு ஈட்டம் 8.3 சதவீதம்'. அந்தத் தாளில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

வங்கி சொன்னது, வட்டியைக் கையில் வாங்காமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகிற டெபாசிட். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலில் சேரும், அடுத்த காலாண்டு அதற்கும் வட்டி ஓடும். 10 லட்சம் ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 14,14,800 ரூபாய் ஆகும். கூடுதலாக வந்த 4,14,800ஐ ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 83,000. அதுதான் 8.3. ஐந்தாம் ஆண்டு முடிவில் வட்டிக்கு வட்டியாகச் சேர்ந்ததையெல்லாம் முதல் ஆண்டுக்கும் பங்கு போட்டுக் காட்டிய எண் அது. அதுவரை கைக்கு ஒரு ரூபாய் வராது.

அரசுத் திட்டத்தில் அதே 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் கையில் வரும். ஐந்து ஆண்டில் இருபது தவணை, மொத்தம் 4,10,000. வங்கியின் 4,14,800ஐவிடக் கொஞ்சம் குறைவாகத்தானே தெரிகிறது? ஆனால் இந்தப் பணம் வழியெல்லாம் வந்துகொண்டே இருந்தது. வந்த தவணைகளைச் செலவழிக்காமல் அதே 7 சதவீதத்தில் போட்டு வந்திருந்தால், ஐந்தாண்டு முடிவில் அவை மட்டுமே ஏறத்தாழ 4,85,000 ஆகியிருக்கும். மாதச் செலவுக்குப் பணம் வேண்டியவர் வங்கியிலும் காலாண்டு வட்டி வாங்குகிற டெபாசிட்டைத்தான் எடுப்பார். அதில் 7 என்பது வெறும் 7தான். 30 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் காலாண்டுக்கு 52,500. அரசுத் திட்டத்தில் 61,500. மாதத்துக்கு 20,500 ஆயிற்று. அவருக்கு வேண்டியது ஏறக்குறைய அதேதான்.

"அது அறுபது வயசானவங்களுக்குத்தானுங்களே?" என்றார். பெயரைப் பார்த்துப் பலரும் அப்படித்தான் நினைத்துவிடுகிறார்கள். 55 வயது நிறைந்து 60 ஆகாதவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராக இருந்தால் சேரலாம். விருப்ப ஓய்வில் வந்தவரும் சேரலாம். இரண்டு நிபந்தனை உண்டு. ஓய்வுக்காலப் பணமாக வந்த தொகைக்கு மேல் போடக் கூடாது. அந்தப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். முன்பு ஒரு மாதம்தான் கெடு. 2023 நவம்பரில் மூன்று மாதமாக்கினார்கள். ஓய்வு பெற்றதையும், என்னென்ன பணம் எவ்வளவு, எப்போது கொடுக்கப்பட்டது என்பதையும் காட்டும் சான்றை கம்பெனியிடம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அஞ்சலகக் கவுன்ட்டரில் முதலில் கேட்பது அதைத்தான். 'கொஞ்ச நாள் சேவிங்ஸ் கணக்கிலேயே கிடக்கட்டும், யோசிப்போம்' என்று மூன்று மாதத்தைத் தாண்ட விட்டவர், 60 ஆகும்வரை வெளியே நிற்க வேண்டியதுதான்.

வங்கிப் பக்கம் இதற்கு நேர்மாறு. மூத்த குடிமக்களுக்கு வழக்கமாகத் தருகிற அரை சதவீதக் கூடுதல் வட்டி 60 நிறைந்தவருக்குத்தான். 58 வயதுக்காரருக்கு எல்லோருக்கும் உள்ள வட்டிதான். நான் மேலே போட்ட 7 சதவீதமே அவருக்குத் தாராளமான கணக்கு. ஆக 58க்கும் 60க்கும் இடையில் இருப்பவருக்கு இரண்டுக்கும் உள்ள இடைவெளி இன்னும் அதிகம்.

ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் போடலாம். 2023 ஏப்ரலுக்கு முன் 15 லட்சம்தான் உச்சவரம்பு. வட்டியை அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கும். ஆனால் கணக்குத் தொடங்கிய அன்று என்ன வட்டியோ, அதுவே ஐந்தாண்டுக்கும். 2021இல் 7.4 சதவீதத்தில் சேர்ந்தவர்கள், 8.2 வந்த பிறகும் 7.4தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது வட்டி இறங்கினாலும் அதே காரணத்தால் நம்மவருக்குப் பாதிப்பில்லை.

இதுவரை கேட்டவர், "அப்ப முப்பதையும் ஒரே கணக்குல போட்டுடலாமுங்களா?" என்றார். கூடாது என்றேன். இந்தத் திட்டத்தின் முள் அங்கேதான் இருக்கிறது.

கணக்கிலிருந்து பாதிப் பணத்தை மட்டும் எடுக்க முடியாது. மூடினால் முழுதாக மூட வேண்டும். அதை அடகு வைத்துக் கடனும் வாங்க முடியாது. இடையில் மூடினால் அபராதம் வட்டியில் அல்ல, அசலிலேயே விழும். ஓராண்டு முடிந்து இரண்டாண்டுக்குள் மூடினால் அசலில் ஒன்றரை சதவீதம், இரண்டாண்டுக்குப் பிறகு ஒரு சதவீதம். ஒன்றரைதானே என்று தோன்றும். பதினாறாவது மாதத்தில் வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை, 4 லட்சம் உடனே வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதும் ஒரே கணக்கில் இருந்தால், 4 லட்சத்துக்காக 30 லட்சத்தையும் உடைத்து 45,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். போதாததற்கு 8.2 என்று பூட்டி வைத்த வட்டியும் போய்விடும். மீதிப் பணத்தை மறுபடி போட வேண்டுமென்றால் அன்றைய வட்டிதான். 58 வயதுக்காரர் என்றால் அந்த மூன்று மாதக் கெடுவும் எப்போதோ முடிந்திருக்கும்.

ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் வைத்துக்கொள்ளலாம், எல்லாம் சேர்ந்து 30 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் சரி. அதனால் பத்து, பத்து, ஐந்து, ஐந்து என்று நான்காகப் பிரித்தோம். பி.எஃப். பணத்திலிருந்து மே 20ஆம் தேதி இரண்டு பத்து லட்சம். ஜூன் பணம் வந்ததும் இரண்டு ஐந்து லட்சம். இனி அவசரம் என்றால் ஒரு ஐந்தை மட்டும் மூடலாம், அபராதம் 7,500. மற்ற மூன்றும் அசையாது.

வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் முதல் வேலை நாளில் வரும். ஜூலையில் அவர் பதறிப்போய் போன் செய்தார். 20 லட்சத்துக்கு 41,000 வரும் என்று காத்திருந்தால், 19,000கூட முழுதாக வரவில்லை. தவறேதும் இல்லை. மே 20 முதல் ஜூன் 30 வரை 42 நாளுக்கான வட்டி அது. அக்டோபரிலிருந்து முழுத் தவணை. இன்னொன்றையும் சொல்லி வைத்தேன்: வந்த வட்டியை எடுக்காமல் அந்தக் கணக்கிலேயே விட்டால் அதற்கு வட்டி கிடையாது. தானாகச் சேவிங்ஸ் கணக்கில் விழும்படி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வரி வராதவர் என்றால், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு நிதியாண்டு தொடக்கத்திலும் கொடுக்க வேண்டும். மறந்தால் பிடித்துவிடுவார்கள், அப்புறம் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க முடியும்.

மிச்சம் 8 லட்சம். இதற்குத்தான் வங்கி. வட்டி குறைவுதான், ஆனால் அரசுத் திட்டம் செய்யாததை எல்லாம் இது செய்யும். டெபாசிட்டை வைத்துத் தொண்ணூறு சதவீதம்வரை அன்றைக்கே கடன் தருவார்கள், டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக. இடையில் உடைத்தாலும் அடி வட்டியில்தான், அசலில் கை வைப்பதில்லை: பணம் இருந்த காலத்துக்கு உரிய வட்டியிலிருந்து அரை அல்லது ஒரு சதவீதம் குறைத்துக் கொடுப்பார்கள். இதையும் ஒரே ரசீதாக வாங்காமல் இரண்டிரண்டு லட்சமாக நான்கு ரசீது வாங்கச் சொன்னேன். அவற்றில் இரண்டு வேறொரு வங்கியில். வங்கி முழுகினால் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்வரைதான் காப்பீடு. மூத்த குடிமக்கள் திட்டத்தை வங்கிக் கிளையில் தொடங்கினாலும் அது மத்திய அரசின் பணம், இந்த வரம்பு அதற்குப் பொருந்தாது.

எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் மனைவி வாயைத் திறந்தார். "இவருக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய் நிக்கறதுங்க?" அவருக்கு 54 வயது. அரசுத் திட்டத்தில் கணவன் மனைவி மட்டும் கூட்டாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், இரண்டாவது பெயருக்கு வயது பார்ப்பதில்லை. ஆனால் முதல் பெயர்க்காரர் காலமானால், மனைவி அன்றைக்குத் தாமே திட்டத்தில் சேரத் தகுதி உள்ளவராக இருந்தால்தான் கணக்கைத் தொடரலாம். 54 வயதில், வேலைக்கே போகாத அவருக்கு அந்தத் தகுதி இல்லை. கணக்கை மூடிப் பணம் வாங்க வேண்டும், இறந்த நாளிலிருந்து சேவிங்ஸ் வட்டிதான் ஓடும். சான்றிதழ், விண்ணப்பம் என்று கொஞ்ச நாள் பிடிக்கும்.

அந்த நாட்களைத் தாண்ட வங்கியின் எட்டு லட்சம்தான் கைகொடுக்க வேண்டும். அதனால் நான்கு ரசீதிலும் மனைவி பெயரைச் சேர்த்து, இருவரில் யாரும் அல்லது உயிரோடிருப்பவர் பணம் பெறலாம் என்ற முறையில் எழுதி வாங்கினோம். அதோடு விட்டால் போதாது. தவணை முடியுமுன் உயிரோடிருப்பவர் தனியாக உடைத்து எடுக்கவும் இருவருக்கும் சம்மதம் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்ற வாரிசுகளின் ஒப்புதலைக் கேட்பார்கள். முதல் வங்கியில் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது. மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.