ஆடிக்கு முன்னாடி பார்த்த வேலை

2024-ஆம் ஆண்டு நவம்பர். நூறு நாள் வேலைக்குக் கூலி சரியாக வருகிறதா என்று கேட்கக் கிராமத்துக்குப் போகும் பயிற்சி மாணவியிடம் ஒரு பெண் சொல்கிறார்: “ஆடிக்கு முன்னாடி பார்த்த வேலைக்குத் தீபாவளிக்குத்தான் காசு வந்துச்சுன்னு சொல்றாங்க.”

இதை ஆங்கில அறிக்கையில் ‘கூலி நான்கு மாதம் தாமதம்’ என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதினால் பாதி விஷயம் தொலைந்துபோகும்.

அந்த ஆண்டு ஆடி பிறந்தது ஜூலை 17. தீபாவளி அக்டோபர் 31. ஆக, இடைவெளி குறைந்தது மூன்றரை மாதம். அதற்கு மேல் எவ்வளவு என்பது அந்தப் பேச்சில் இல்லை. இன்னொன்று, ‘சொல்றாங்க’. காசு வராதது இவருக்கா, பக்கத்து வீட்டுக்காரருக்கா? தமிழில் எழுவாய் இல்லாமலே பேச்சு ஓடும்; ஆங்கில வாக்கியமோ ஆளைக் கேட்கும். அதை ஊரிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து ஊகிப்பது அறிக்கையாகாது.

அடுத்து வங்கிப் பாஸ்புக். பணம் செப்டம்பரிலேயே கணக்கில் ஏறியிருக்கலாம். அவர் தீபாவளிச் செலவுக்குத்தான் எடுத்திருக்கலாம். வேலை செய்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் கூலி தரவேண்டும் என்றது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் கணக்குக்கு வரவு வைத்த தேதிதான் உதவும், எடுத்த தேதி அல்ல.

அறிக்கையில் அவர் சொன்னது ஒரு வாக்கியம், பாஸ்புக் காட்டுவது இன்னொரு வாக்கியம். இரண்டும் முரண்பட்டால் முரணையும் எழுதலாம். அவருடைய தமிழ்ப் பேச்சு அப்படியே பின்னிணைப்பில் இருந்தால், மேலதிகாரி சரிபார்த்துக்கொள்வார்.