ஒரு நாளைக்கு இரண்டு சொட்டு

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் இரத்தத்திலிருந்து வடிகட்டி எடுக்கும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். உடலியங்கியல் படிக்கும் மாணவர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அதை வகுத்துப் பார்த்தால்தான் சுவாரசியம். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும். 180 லிட்டரை 20 லட்சத்தால் வகுத்தால் ஒரு நெஃப்ரானின் பங்கு 90 மைக்ரோலிட்டர். அதாவது, நாள் முழுக்க உழைத்து அது வடிகட்டுவது இரண்டு சொட்டுக்கும் சற்றுக் குறைவு. அதிலும் சிறுநீராக வெளியே போவது நூறில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

இப்படித்தான் நடக்கிறது என்று நிரூபிக்க வெகுகாலம் ஆயிற்று. சிறுநீரகத்தில் இரத்தம் அழுத்தத்தால் வடிகட்டப்படுகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்ல் லுட்விக் சொன்னார். இல்லை, குழாயின் சுவர்களே கழிவைப் பொறுக்கிச் சுரக்கின்றன என்று வாதிட்ட தரப்பும் வலுவாக இருந்தது. 1920களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் வேர்னும் ஆல்ஃப்ரெட் நியூட்டன் ரிச்சர்ட்ஸும் ஒரு தவளையை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயை ஒரேயொரு நெஃப்ரானின் தொடக்க முனையில் குத்தி, அங்கிருந்த திரவத்தை உறிஞ்சினார்கள். அதில் புரதம் இல்லை. சர்க்கரையும் குளோரைடும் இருந்தன. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த நீரிலோ அவை இரண்டும் இல்லாமல் போயிருந்தன. 1924இல் வெளியான அந்த ஆய்வோடு வழக்கு ஏறக்குறைய முடிந்தது: முதலில் வடிகட்டல், பிறகு மீட்பு.

தவளையில் குத்திய அதே இடத்திலிருந்து மனித நெஃப்ரானுக்குள் போகலாம். இங்கே நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஒரு முடிச்சாகச் சுருண்டிருக்கின்றன. குளோமெருலஸ் என்று பெயர். உடலில் பெரும்பாலான இடங்களில் தந்துகிகளுக்கு ஒருபுறம் தமனி, மறுபுறம் சிரை. இங்கே உள்ளே வருவதும் வெளியே போவதும் குறுந்தமனிகள். இரண்டையும் சுருக்கியும் விரித்தும் முடிச்சுக்குள் அழுத்தத்தை உயர்த்தி வைக்க முடிகிறது. அந்த அழுத்தத்தில் பிளாஸ்மாவின் ஐந்தில் ஒரு பங்கு சுவரைத் தாண்டி நெஃப்ரானின் குழாய்க்குள் கசிகிறது. இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் தங்கிவிடுகின்றன. உப்பு, யூரியா, சர்க்கரை, அமினோ அமிலம் எல்லாம் பாகுபாடின்றி உள்ளே வந்துவிடும். போகிக்கு வீட்டைக் காலி செய்பவர்கள் சாமான்களை எல்லாம் வாசலில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்துப்போவதைப் போன்ற முறை இது. வேண்டாததை மட்டும் அடையாளம் காணத் தேவையில்லை என்பதால், உடல் இதுவரை பார்த்திராத பல வேதிப்பொருள்களும் இந்த வழியில் வெளியேறிவிடுகின்றன.

இந்தச் சுவர் பழுதானால் ஆல்புமின் என்ற புரதம் கசியும். சிறுநீர் தொடர்ந்து நுரைத்து, நுரை அடங்காமல் நின்றால் சந்தேகப்படலாம். ஆனால் நுரை வருவதற்கு வெகுமுன்பே பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் இருந்தால், வேறொரு நாளும் சோதித்து உறுதிசெய்வார்கள்.

வடிந்த நீர் அடுத்து நுழைவது வளைந்து நெளிந்த முதல் குழாய். மீட்பில் பெரும்பகுதி இங்கேதான்: உப்பிலும் நீரிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், சர்க்கரை முழுவதும். சர்க்கரைக்கு உள்ளே போகத் தனி வாசல் புரதங்கள் உண்டு. அவற்றின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பும் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்லா நெஃப்ரான்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன. இரத்தச் சர்க்கரை 100 என்றால், நிமிடத்துக்கு 125 மில்லிகிராம் சர்க்கரை குழாய்க்குள் வரும். வாசல்களால் சுமார் 375 வரை சமாளிக்க முடியும் என்பதால் முழுவதும் திரும்பிவிடும். சர்க்கரை 400 ஆனால் நிமிடத்துக்கு 500 மில்லிகிராம் வரும், 125 மிஞ்சும். நாள் முழுக்க அதே அளவில் நின்றால் 180 கிராம் சர்க்கரை சிறுநீரில் போகும். அது தனியாகப் போகாது, தன்னோடு நீரையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். கட்டுப்படாத நீரிழிவில் அடிக்கடி சிறுநீர் போவதும், தாகம் தீராததும், கழிந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதும் இதனால்தான்.

இந்தக் கணக்குப்படி 300ஐத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீரில் தெரியவேண்டும். ஆனால் 180ஐ ஒட்டியே தெரியத் தொடங்கிவிடுகிறது. 20 லட்சம் நெஃப்ரான்களும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பது ஒரு காரணம். சில நிறைய வடிகட்டும், அதற்கேற்ற வாசல்கள் அவற்றில் இருக்காது. அவை முதலில் தோற்கும். இந்த வாசல்களையே அடைக்கும் டபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இன்று பரவலாகத் தரப்படுகின்றன. அவற்றைச் சாப்பிடுபவரின் சிறுநீரில், இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்போதும் சர்க்கரை காட்டும். சொல்லாமல் கொள்ளாமல் பரிசோதனைக்குக் கொடுத்தால் வீண் பதற்றம்தான்.

பிறகு குழாய் கொண்டை ஊசிபோல் சிறுநீரகத்தின் ஆழத்துக்கு இறங்கி, திரும்பி மேலே ஏறுகிறது. 1862இல் இதை விவரித்த யாக்கோப் ஹென்லேயின் பெயரால் ஹென்லே வளைவு. இறங்கும் பக்கம் நீரை விடும். ஏறும் பக்கம் நீரை விடாது, உப்பை மட்டும் வெளியே இறைக்கும். இந்த இறைப்பால் சுற்றியுள்ள திசு உப்பேறிப்போகிறது. ஆழத்துக்கு ஆழம் இன்னும் கூடுதலாக. கால் வீங்கியவர்களுக்குக் கொடுக்கும் லாசிக்ஸ் மாத்திரை நிறுத்துவது இந்த உப்பு இறைப்பைத்தான்.

அந்த உப்புத் திசுவின் பயன் கடைசிக் கட்டத்தில் தெரியும். பல நெஃப்ரான்களுக்குப் பொதுவான சேகரிப்புக் குழாய் அதன் ஊடாக இறங்குகிறது. உடலில் நீர் குறைந்தால் மூளையின் பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரசினை விடும். உடனே இந்தக் குழாயின் செல்கள் அக்வாபோரின் என்ற நீர்த் துளைகளைத் தம் உட்சுவரில் பதிக்கும். நீர் உப்புத் திசுவுக்குள் பாய்ந்து இரத்தத்துக்குத் திரும்பும். சிறுநீர் கடும் மஞ்சளாகும். நிறையத் தண்ணீர் குடித்தால் வாசோபிரசின் குறையும், துளைகள் உள்ளே இழுத்துக்கொள்ளப்படும், சிறுநீர் வெளிறும். மது வாசோபிரசினை அடக்குவதால்தான் குடித்தவர்கள் குடித்ததைவிட அதிகமாகக் கழிக்கிறார்கள். அக்வாபோரினைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சுருக்குவதற்கும் எல்லை உண்டு. நாள்தோறும் வெளியேற வேண்டிய கழிவுகளைக் கரைக்க, எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அரை லிட்டர் நீராவது தேவைப்படுகிறது.

இந்தக் கட்டம் முறிந்துபோகும் நோயும் இருக்கிறது. சர்க்கரை சரியாகவே இருக்கும். ஆனால் நாளைக்கு 10 லிட்டருக்கும் மேல் தண்ணீர்போன்ற சிறுநீர் போகலாம். பழுது மூளையிலா, சிறுநீரகத்திலா? மருத்துவர்கள் நோயாளியைக் கண்காணிப்பில் வைத்துச் சில மணி நேரம் தண்ணீர் தராமல் இருப்பார்கள். சிறுநீர் அப்போதும் அடர்த்தியாகாவிட்டால், வாசோபிரசினின் செயற்கை வடிவமான டெஸ்மோபிரசினைச் செலுத்துவார்கள். சிறுநீர் சுருங்கி அடர்த்தியானால் நெஃப்ரான்கள் நலம், ஆணைதான் வரவில்லை. மாறாமலே போனால் ஆணை வந்தும் குழாய்க்குக் கேட்கவில்லை என்று பொருள். அப்போது அவர்கள் முதலில் விசாரிக்கும் காரணங்களில் ஒன்று, மனநோய்க்காக நீண்ட நாள் சாப்பிட்ட லித்தியம்.