பதிவு செய்த நேரம் பறிபோனால்

மண்டபம் கரையில் கடற்பாசியை ஆராயும் மாணவருக்குத் தம் நிறுவனத்தில் இல்லாத எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்பட்டால், வெளியூர் ஆய்வகத்தில் நேரம் கேட்டுப் பெற வேண்டும். அரசு நிதியில் வாங்கிய கருவிகளை வெளியாரும் பயன்படுத்துவதற்கென்றே 2020 ஜனவரியில் ஐ-ஸ்டெம் இணையதளம் தொடங்கப்பட்டது. கருவி எங்கே இருக்கிறது என்று அதில் தேடி, நேரத்தையும் பதிவு செய்யலாம்.

ஆனால் பல துறைகள் தம் கருவிகளின் நேரப் பதிவுக்குச் சாதாரண கூகுள் காலண்டரையே பகிர்ந்துகொள்கின்றன. ஆபத்து இங்கேதான். அந்தக் காலண்டர் மோதலைக் காட்டுமே தவிர, தடுக்காது. ஒருவர் 10 மணி முதல் 12 வரை எழுதியிருக்க, இன்னொருவர் 11.30 முதல் 1 மணி வரை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். திருத்தும் அனுமதி உள்ள எவரும் மற்றவர் பதிவை அழிக்கவும் முடியும். நிறுவனக் கணக்கில் கருவியை ஓர் ‘அறை’ போலத் தனியாகப் பதிந்து வைத்தால், ஏற்கெனவே நிரம்பிய நேரத்துக்கு வரும் கோரிக்கையை அது தானே மறுத்துவிடும். எந்தத் துறையும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

புதிய பதிவு, பழையது முடியுமுன் தொடங்கி, பழையது தொடங்கிய பின் முடிந்தால் அது மோதல். ஆனால் 12 மணிக்கு ஒன்று முடிந்து 12 மணிக்கே அடுத்தது தொடங்குவதும் நடைமுறையில் மோதலே. மாதிரியை மாற்றி, கருவிக்குள் மீண்டும் வெற்றிடம் உண்டாக்க நேரம் வேண்டும். அந்த இடைவெளியும் பதிவுக்குள் அடங்க வேண்டும்.

பதிந்துவிட்டு வராமல் போவது அடுத்த சிக்கல். பாசி சரியாக உலராவிட்டால் அதை நுண்ணோக்கியில் வைக்க இயலாது. முந்தைய நாளே ரத்து செய்தால் வேறொருவருக்கு அந்த நேரம் கிடைக்கும். கால் மணி நேரம் தாமதமானால் பதிவு ரத்து என்ற விதி உள்ளூர்க்காரருக்குப் பொருந்தும். ராமேசுவரத்திலிருந்து இரவு ரயிலில் சென்னை வருபவருக்கு, ரத்து செய்யுமுன் ஒரு தொலைபேசி அழைப்பாவது வேண்டும்.

பதிவு பறிபோனால், அழிக்கப்பட்டது கூகுள் காலண்டரின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். அரசு நிறுவனமானால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் பதிவு விவரம் கேட்கலாம். பதிலுக்கான கெடுவும் 30 நாள்தான். பதில் வருவதற்குள் சான்று மறைந்துவிடக்கூடும். இச்சட்டம் தகவலைத்தான் பெற்றுத் தரும், இழந்த நேரத்தை அல்ல. ஆகவே உறுதிப்படுத்திய மின்னஞ்சலின் நகலை இணைத்து, மாற்று நேரம் தரவும் பதிவைப் பாதுகாக்கவும் கோரி, அன்றே துறைத்தலைவருக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள்.