கேஷை அழிக்கலாமா? ஆறு கம்ப்யூட்டரில் நான் செய்த தப்பு



"கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கா? கேஷை அழிச்சிரு!" இதை நம்ம வகுப்பில் சொல்லாத ஆளே கிடையாது. நானும் சொன்னவன்தான். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினேன். அதனால் எங்க பெரியப்பா மகன் அண்ணனுக்கு வரவேண்டிய நஷ்டம் கடைசி நேரத்தில் தப்பியது. கேஷ் என்பது என்ன, அதை எப்போது அழிக்கணும், எப்போது தொடவே கூடாது என்று அந்தக் கதையோடு சேர்த்து எழுதுகிறேன்.

கடையில் நடந்தது

அண்ணன் நம்ம கோவில்பட்டியில் சின்னதாக ஒரு கேம் கடை வைத்திருக்கிறார். மொத்தம் ஆறு கம்ப்யூட்டர், மணிக்கணக்கு வாடகை. ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். சனிக்கிழமை ராத்திரி கடை அடைத்த பிறகு ஆறையும் சுத்தம் செய்வது என் வேலை. ரன் பெட்டியில் `temp`, `%temp%`, `prefetch` என்று அடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் அழிப்பேன். பிறகு ஒரு வீடியோவில் பார்த்து, `DXCache`, `D3DSCache` என்ற ஃபோல்டர்களையும் காலி செய்ய ஆரம்பித்தேன். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சி டிரைவில் ஒன்றிரண்டு ஜிபி இடம் கிடைத்தது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலையில் பையன்கள் வந்து உட்கார்ந்தால் ஒரே புலம்பல். "அண்ணே, சுடப்போற நேரம் பார்த்து படம் அப்படியே நிக்குது!" புகை குண்டு போட்டால் ஒரு திக்கல், புது அறைக்குள் நுழைந்தால் ஒரு திக்கல். காசு கொடுத்து ஒரு மணி நேரம் விளையாட வருகிறவனுக்கு முதல் அரை மணி நேரம் இப்படிப் போனால் அடுத்த வாரம் வருவானா? ரெண்டு மூணு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அண்ணன் என்ன நினைத்தார் தெரியுமா? "கார்டு பழசாயிட்டுல. சீட்டைத் தள்ளி எடுத்து நாலு கார்டு மாத்திரலாமான்னு யோசிக்கேன்" என்றார். முதல் தவணைகளிலேயே சீட்டைத் தள்ளி எடுத்தால் எவ்வளவு நஷ்டம் என்று வீட்டில் சீட்டு போடுகிறவர்களுக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டியிருந்ததால் கடைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை அண்ணன், "என்னல, இந்த வாரம் ஒருத்தனும் முணங்கலியே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் சுத்தம் செய்யாத வாரம் மட்டும் எப்படி நன்றாக ஓடியது?

ஷேடர் கேஷ் என்பது என்ன?

விளையாட்டில் தெரிகிற வெளிச்சம், நிழல், புகை, தண்ணீர் எல்லாம் எந்த நிறத்தில் வரவேண்டும் என்று கணக்குப் போடும் குட்டி நிரல்களுக்கு ஷேடர் என்று பெயர். விளையாட்டை உருவாக்கியவருக்கு உங்கள் வீட்டில் எந்த கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதென்று தெரியாது. அதனால் ஷேடரைப் பொதுவான ஒரு வடிவத்தில் அனுப்புகிறார். அதை உங்கள் கார்டுக்குப் புரிகிற மொழியில் மாற்றுவது டிரைவரின் வேலை.

இதை இப்படி நினைத்துப் பாருங்கள். ஆங்கிலப் பாடம் படிக்கும்போது தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுகிறோம். அர்த்தத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். அடுத்த தடவை அதே சொல் வந்தால் நோட்டைப் பார்த்தால் போதும். அந்த நோட்டுதான் ஷேடர் கேஷ். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறு பேருடைய நோட்டையும் கிழித்துப் போட்டிருக்கிறேன்!

திக்கல் ஏன் வருகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. விநாடிக்கு 60 படம் ஓடினால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லிவிநாடி. புகை குண்டு முதன்முதலாக வெடிக்கும்போது அதற்கான ஷேடரை மாற்ற 100 மில்லிவிநாடி ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஆறு படம் வரவேண்டும். ஒன்றும் வராது. நம் கண்ணுக்கு அது 'டக்'கென்று நின்று ஓடுவதாகத் தெரியும். மாற்றியதைக் கேஷில் எழுதி வைத்துவிட்டால் இரண்டாவது குண்டுக்கு அந்தத் தாமதம் இல்லை.

சில விளையாட்டுகள் இந்த வேலையை ஆரம்பத்திலேயே மொத்தமாக முடித்துவிடும். 2023 மார்ச் மாதம் கம்ப்யூட்டருக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' விளையாட்டில், முதல் தடவை திறந்ததும் ஷேடர் கட்டுகிற வேலைக்கே வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது என்று பலர் புலம்பினார்கள். அப்படிப்பட்ட விளையாட்டில் கேஷை அழித்தால் அத்தனை நேரமும் திரும்பக் காத்திருக்கணும். பிளேஸ்டேஷனில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? ஒரு மாடலில் எல்லாப் பெட்டிக்கும் ஒரே சிப்புதான். அதனால் ஷேடரை முன்கூட்டியே மாற்றி விளையாட்டோடு சேர்த்து அனுப்பிவிடலாம்.

நான் செய்த சோதனை

அடுத்த சனிக்கிழமை 4-ஆம் நம்பர் கம்ப்யூட்டரில் மட்டும் ஷேடர் கேஷை அழித்தேன். 3-ஆம் நம்பரைத் தொடவில்லை. ரெண்டிலும் ஒரே கார்டு, ஒரே டிரைவர். ஒரே விளையாட்டை, ஒரே மேப்பில், ஒரே பாதையில் மூணு சுற்று ஓடி, திக்கல்களை எண்ணி எழுதினேன்.

அழித்த கம்ப்யூட்டரில் முதல் சுற்றில் 23 திக்கல். இரண்டாம் சுற்றில் 5. மூன்றாம் சுற்றில் 1. அழிக்காத கம்ப்யூட்டரில் மூணு சுற்றிலும் ஒன்று, இரண்டுக்கு மேல் இல்லை. இதுக்கு மேல் என்ன சாட்சி வேணும்? கார்டு பழசாகவில்லை. நான்தான் அதை வாரா வாரம் முதல் பாடத்திலிருந்து படிக்க வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். அழித்துக் கிடைத்த இடம் சில நாளில் திரும்ப நிறைந்துவிட்டது. விளையாடினால் கேஷ் வளரத்தானே செய்யும். ஆக, இடமும் மிச்சமில்லை.

அப்படியானால் அழிக்கவே கூடாதா?

அப்படியும் இல்லை. அடுத்த மாதமே 5-ஆம் நம்பரில் ஒரு கோளாறு வந்தது. டிரைவரைப் புதுசாக்கிய பிறகு, ஒரு விளையாட்டில் சுவரெல்லாம் கறுப்புத் திட்டு. எத்தனை சுற்று ஆடினாலும் அதே இடத்தில் அதே திட்டு. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டும் போகவில்லை.

வழக்கமாக, டிரைவர் மாறினால் பழைய நோட்டு செல்லாது. டிரைவரே அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பிக்கும். அதனால்தான் புது டிரைவர் போட்ட முதல் நாள், நாம் எதையும் அழிக்காமலேயே கொஞ்சம் திக்கும். அது நோய் இல்லை. ஆனால் சில நேரம் கெட்டுப்போன பக்கம் ஒதுங்காமல் இருந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய் ஃபைல் பாதியில் நின்றாலும் இப்படி ஆகலாம். அப்போது அழிப்பதுதான் வைத்தியம். விளையாட்டையும் லாஞ்சரையும் மூடி, கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, இந்த ஃபோல்டர்களுக்கு உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும்.

```
%LOCALAPPDATA%\D3DSCache
%LOCALAPPDATA%\NVIDIA\DXCache
%USERPROFILE%\AppData\LocalLow\NVIDIA\PerDriverVersion\DXCache
%LOCALAPPDATA%\AMD\DxCache
```

முதலாவது விண்டோஸுடையது. அடுத்த ரெண்டும் என்விடியா கார்டுக்கு, கடைசி ஏஎம்டி கார்டுக்கு. எல்லாம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்காது. "ஃபைல் பயன்பாட்டில் உள்ளது" என்று வந்தால் அதை விட்டுவிட்டு மற்றதை அழித்தால் போதும். 5-ஆம் நம்பரில் இதைச் செய்ததும் கறுப்புத் திட்டு போய்விட்டது. முதல் சுற்று மட்டும் திக்கியது. அது நாம் கொடுக்க வேண்டிய விலை.

கார்டையே மாற்றிவிட்டால் பழைய கார்டின் கேஷ் வெறும் குப்பை, அழிக்கலாம். சி டிரைவ் சிவப்புக் கோட்டுக்கு வந்து வேறு வழியே இல்லையென்றாலும் அழிக்கலாம். விண்டோஸின் டிஸ்க் கிளீன்அப் பட்டியலில் `DirectX Shader Cache` என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் இருந்தால் அதுவும் சேர்ந்து அழியும். அவசரத்தில் ஓகே அழுத்தாமல் பார்த்து எடுத்துவிடுங்கள்.

லாஞ்சர் கேஷ் வேறு, ஷேடர் கேஷ் வேறு

ரெண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். ஸ்டீம், எபிக் போன்ற லாஞ்சர்கள் உள்ளுக்குள் ஒரு பிரௌசர் மாதிரி. கடைப் பக்கம், படங்கள், லாகின் விவரம் எல்லாவற்றையும் தனியாகச் சேர்த்து வைக்கும். 2-ஆம் நம்பரில் ஒருநாள் எபிக் லாஞ்சர் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. பழக்கதோஷத்தில் முதலில் ஷேடர் கேஷை அழித்தேன். ஒரு பிரயோசனமும் இல்லை, திக்கல்தான் மிச்சம். பிறகு லாஞ்சரை, மூலையில் இருக்கும் சின்ன ஐகானிலிருந்தும் மூடிவிட்டு, கீழே உள்ள ஃபோல்டருக்குள் `webcache` என்று தொடங்கும் ஃபோல்டர்களை மட்டும் அழித்தேன்.

```
%LOCALAPPDATA%\EpicGamesLauncher\Saved
```

திறந்ததும் கடைப் பக்கம் வந்துவிட்டது. ஸ்டீமில் டவுன்லோடு தொடங்காமல் முரண்டு பிடித்தால் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதியில் இருக்கும் `Clear Cache` பொத்தானை அழுத்தலாம். விளையாட்டு அழியாது. ஆனால் திரும்ப லாகின் கேட்கும். பாஸ்வேர்டும், குறியீடு வருகிற ஃபோனும் கையில் இல்லாமல் அழுத்தாதீர்கள். கூட்ட நேரத்தில் அழுத்திவிட்டு, ஃபோனை வீட்டில் வைத்திருந்த அண்ணனிடம் நான் வாங்கிய திட்டு இங்கே எழுதத் தக்கதல்ல.

லாஞ்சர் கேஷை அழித்தால் விளையாட்டின் வேகம் கூடாது. அழிக்கவும் தேவையில்லாமல் அழித்தால் ஷேடர் கேஷ் அளவுக்குத் தொல்லையும் இல்லை.

நினைவில் வைக்க ஒரே ஒரு சோதனை

திக்கினால் உடனே அழிக்காதீர்கள். அதே இடத்துக்கு இரண்டாம் தடவை போய்ப் பாருங்கள். இரண்டாம் தடவை திக்கவில்லை என்றால் கேஷ் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே அளவு திக்கினால் காரணம் வேறு. ரேம் பற்றாக்குறையா, தூசி அடைத்துச் சூடாகிறதா என்று பாருங்கள். நம்ம ஊர்க் கரிசல் புழுதிக்கு ஃபேன் அடைத்துக்கொள்வது சாதாரணம். திட்டு, தப்பான நிறம், ஒரே இடத்தில் நின்றுபோவது என்று டிரைவர் மாற்றிய பின் வந்தால் மட்டும் ஷேடர் கேஷை ஒருமுறை அழித்துப் பாருங்கள்.

அண்ணன் சீட்டைத் தள்ளி எடுக்கவில்லை. கார்டும் மாற்றவில்லை. சனிக்கிழமை ராத்திரி வேலை இப்போதும் எனக்குத்தான் இருக்கிறது. ஆனால் கையில் மவுஸ் இல்லை, பெயிண்ட் பிரஷ்ஷும் ஊதுகிற பம்பும்தான்.



– 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவன்