சிங்க் ஆகாத வாட்ச்சை உடனே ரீசெட் செய்யாதீர்கள்

ஸ்மார்ட்வாட்ச்சிலோ ஃபிட்னஸ் பேண்டிலோ பதிவானது கைப்பேசிக்கு வந்து சேரவில்லை என்றால், ‘ரீசெட் போட்டுப் பாருங்க’ என்பதுதான் பலரும் முதலில் சொல்லும் யோசனை. அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். கைப்பேசிக்கு இன்னும் மாறாத இதயத்துடிப்பு, தூக்கப் பதிவுகள் ரீசெட்டில் அழிந்துவிடும். அதற்காகக் காலம் கடத்தவும் கூடாது. பெரும்பாலான ஃபிட்பிட் பேண்டுகள் நிமிட வாரியான விவரத்தை 7 நாள்தான் வைத்திருக்கும்.

முதலில் ஒரு சோதனை. பேண்டைக் கைப்பேசியின் பக்கத்தில் வைத்து, அதன் செயலியைத் திறந்து, திரை அணையாமல் சில நிமிடம் பாருங்கள். திறந்திருக்கும்போது பதிவுகள் வந்து, மூடியதும் நின்றுபோனால், செயலி பின்னணியில் இயங்கக் கைப்பேசி விடவில்லை என்று பொருள். செயலி திறந்திருந்தும் ‘தேடுகிறது’ என்றே காட்டிக்கொண்டிருந்தால், பழைய இணைப்பின் மீது சந்தேகம் வையுங்கள்.

பின்னணித் தடை பேட்டரியை மிச்சப்படுத்த வந்தது. 2015இல் வெளியான ஆண்ட்ராய்டு 6 முதல், சும்மா கிடக்கும் கைப்பேசி தன் செயலிகளைத் தூங்க வைக்கிறது. சில நிறுவனங்கள் அதற்கு மேலும் தங்கள் சொந்தக் கட்டுப்பாட்டைச் சேர்த்திருக்கின்றன. Settings-இல் அந்தச் செயலியின் Battery பக்கத்துக்குப் போய் Unrestricted என்று மாற்றுங்கள். சாம்சுங்கில் Sleeping apps, Deep sleeping apps பட்டியல்களில் அது இருந்தால் நீக்குங்கள். சியோமியில் Autostart-ஐயும் திறந்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் Nearby devices அனுமதியும் தேவை. ஐபோன்காரர்கள் செயலியை மேலே தள்ளி மூடும் பழக்கத்தை விட வேண்டும். அப்படி மூடினால் பின்னணி சிங்க்கும் நின்றுபோகலாம். Unrestricted சலுகை வாட்ச் செயலிக்கு மட்டும் போதும். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் பேட்டரி தாங்காது.

பழைய இணைப்பின் கோளாறு கண்ணுக்குத் தெரியாது. கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, பிரிக்பீல்ட்ஸில் புதுக் கைப்பேசி வாங்கி, பழையதைப் பேரனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். வெளியே போனால் பேண்ட் ஒழுங்காக சிங்க் ஆகும். வீட்டுக்கு வந்தால் ஆகாது. பேண்ட் கெட்டுவிட்டது, புதிது வாங்குங்கள் என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். பேரன் கையிலிருந்த கைப்பேசியில் புளூடூத்தை அணைத்ததும் பதிவுகள் வந்து கொட்டின. இத்தகைய பேண்டுகள் பல, ஒரு நேரத்தில் ஒரு கைப்பேசியோடுதான் பேசும். வீட்டில் பழையது முந்திக்கொண்டு பிடித்திருந்தது. அதன் செயலியிலிருந்து பேண்டை நீக்கி, கணக்கிலிருந்தும் வெளியேறச் சொன்னேன். உடல்நலத் தகவல் முழுவதும் அதில் திறந்தே கிடந்தது.

இன்னொரு வகையும் உண்டு. இணைக்கும்போது இரு கருவிகளும் ஒரு ரகசியச் சாவியைச் சேமிக்கின்றன. ஒரு பக்கம் அது அழிந்துபோனால், புளூடூத் பட்டியலில் பேண்டின் பெயர் அப்படியே இருக்கும், ஆனால் இணைப்பு நிற்காது. இப்போது செயலியிலிருந்து பேண்டை நீக்கி, புளூடூத் பட்டியலில் Forget அழுத்தி, இரண்டையும் அணைத்துப் போடுங்கள். பிறகு செயலிக்குள்ளிருந்தே சேர்க்க வேண்டும். புளூடூத் பக்கத்திலிருந்து சேர்த்தால் பலவற்றில் சிங்க் ஆகாது. இதற்கும் மசியவில்லை என்றால்தான் ரீசெட்.

அதன் பிறகும் வேலை செய்யாவிட்டால், வீட்டில் வேறொருவரின் கைப்பேசியில் இணைத்துப் பாருங்கள். அங்கே சிங்க் ஆனால் உங்கள் கைப்பேசியில்தான் கோளாறு. அங்கும் ஆகாவிட்டால் பேண்ட் மீது பலமான சந்தேகம் கொள்ளலாம். இந்தச் சோதனையைக் காணொளியாக எடுத்து வைத்தால், ‘உங்க ஃபோன் செட்டிங்தான்’ என்று கடையில் தட்டிக்கழிப்பது கடினம்.

மலேசியாவின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம் என்று பில்லில் அச்சடித்தாலும் அந்த உத்தரவாதம் போகாது. சரிசெய்யக்கூடிய குறை என்றால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்யும்படி கடையிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம்.

கடை இறங்கி வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்; 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். பொதுவாக வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை, நீங்களே பேசலாம். உரிமை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பில், உத்தரவாத அட்டை, கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், அந்தக் காணொளி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.