ஒரே கொழுப்பு, இரு ஊர்திகள்

எண்ணெய் நீரில் கரைவதில்லை. குருதியின் பெரும்பகுதியோ நீர். ஆயினும் கொழுப்பும் கொலஸ்டிராலும் குருதி வழியாகவே உடலெங்கும் சென்றாக வேண்டும். இதற்கென உடல் நுண்ணிய உருண்டைகளை ஆக்கிக்கொள்கிறது. உருண்டையின் நடுவே கொழுப்பு. அதனைச் சுற்றி நீரோடு இணங்கும் மெல்லுறை. உறையில் பதிந்த புரதம். இவையே கொழுப்புப்புரதங்கள். 'நல்ல கொலஸ்டிரால்', 'கெட்ட கொலஸ்டிரால்' என மக்கள் பிரித்துப் பேசினும், இரண்டிலும் உள்ள கொலஸ்டிரால் ஒன்றே. வேறுபடுவது அதனைச் சுமக்கும் ஊர்தி.

கல்லீரல் அனுப்பும் பெரிய உருண்டைகள், தசைகளிலும் கொழுப்புத் திசுக்களிலும் தம் சுமையை இறக்கிச் சிறுத்துவிடுகின்றன. எஞ்சுவது கொலஸ்டிரால் மிகுந்த எல்.டி.எல். எனும் குறை அடர்த்திக் கொழுப்புப்புரதம். செல்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் இதனைப் பற்றி உள்ளிழுக்கின்றன. பெரும்பகுதியை மீட்டுக்கொள்வது கல்லீரலே.

இவ்வேற்பி இல்லாவிடின் என்னவாகும்? அமெரிக்காவின் டாலஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவரும் 1970களில் இவ்வினாவை ஆராய்ந்தனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற சில குழந்தைகளுக்கு எல்.டி.எல். பன்மடங்கு மிகுந்திருந்தது, சிறுவயதிலேயே மாரடைப்பும் நேர்ந்தது. அத்தகையோரின் தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்த்தபோது, அவை எல்.டி.எல்.லைப் பற்றவே இல்லை. ஏற்பியைக் கண்டறிந்த இப்பணிக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. புகையோ முதுமையோ அக்குழந்தைகளிடம் இல்லை என்பதை நோக்கின், எல்.டி.எல். மீது சுமத்தப்பட்ட பழி பொருத்தமானதே எனலாம்.

பற்றப்படாது குருதியில் நெடுநாள் சுற்றும் எல்.டி.எல்., தமனிச் சுவரின் உட்புறம் நுழைந்து சிக்கிக்கொள்கிறது. அங்கே வேதிமாற்றமும் அடைகிறது. அதனை அகற்ற வரும் விழுங்கு செல்கள் அளவின்றி விழுங்கி, கொழுப்புத் துளிகளால் நிரம்பி நுரைச் செல்களாகின்றன. அவை திரண்டு படிவாகும். அப்படிவு வெடிக்குமாயின் குருதி அங்கே உறைந்து, இதயத்திற்குச் செல்லும் வழியை அடைத்துவிடும்.

எச்.டி.எல். எனும் மிகை அடர்த்திக் கொழுப்புப்புரதத்தில் ஏறத்தாழப் பாதி புரதம். கொழுப்பினும் புரதம் கனமாதலால் அடர்த்தி மிகுகிறது. அது செல்களில் மிகுந்த கொலஸ்டிராலைப் பெற்றுக் கல்லீரலுக்குத் திருப்புகிறது. கல்லீரல் அதனைப் பித்தநீரில் கலந்து வெளியேற்றுகிறது. எச்.டி.எல். மிகுந்தோரிடம் மாரடைப்பு குறைவாகக் காணப்பட்டதும், 'நல்லது' என்னும் பெயருக்கு மற்றொரு காரணம்.

ஆனால் இப்பெயரை அப்படியே நம்பியதில் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. இதயத் தாக்குதலுக்கு அண்மையில் ஆளான ஏறத்தாழ 16,000 பேரிடம் டால்செட்ராபிப் என்னும் மருந்து சோதிக்கப்பட்டது. எச்.டி.எல். அளவு 30 விழுக்காட்டிற்கு மேல் உயர்ந்தது, மாரடைப்போ குறையவில்லை. 2012இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது. குருதியில் எச்.டி.எல். எவ்வளவு உள்ளது என்பதும், அது செல்களிலிருந்து கொலஸ்டிராலை எவ்வளவு மீட்கிறது என்பதும் வெவ்வேறு. வழக்கமான குருதிச் சோதனை காட்டுவது முன்னதை மட்டுமே.