ஐந்தாம் தேதிக் கடிதம்

பதினோரு பேர் சேர்ந்து 80 லட்சம் ரூபாய் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற மில் மேலாளர். நான்கு பேர் சாப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள். மீதிப் பேர் சொந்தத் தொழில் செய்பவர்கள். யாரும் அலுவலகத்துக்கு வந்து உட்காருவதில்லை, கணக்குப் புத்தகத்தைக் கேட்பதுமில்லை. போட்ட பணம் என்ன ஆகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சட்டத்தை நம்பினால் கொஞ்சம்தான் தெரியும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி வருடத்துக்கு ஒருமுறை பங்குதாரர் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், தணிக்கை செய்த கணக்கைக் காட்ட வேண்டும். இயக்குநர் குழுவோ, சிறிய கம்பெனிகளில் அரையாண்டுக்கு ஒருமுறை கூடினால் போதும். புதிதாகத் தொடங்கிய ஒரு கம்பெனிக்கு ஆறு மாதம் என்பது ஒரு யுகம். அதற்குள் பணம் தீர்ந்துபோகலாம், செய்கிற தொழிலே மாறிப்போகலாம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் மாதாமாதம் ஒரு மின்னஞ்சல் போகிறது. முதலீட்டு ஒப்பந்தத்தில் சிலர் இதை நிபந்தனையாகவே எழுதிவிடுவார்கள். மற்ற இடங்களில் நிறுவனரின் பழக்கமாக நடக்கிறது. ஸ்டார்ட்அப் வட்டாரத்தில் இதற்கு ‘இன்வெஸ்டர் அப்டேட்’ என்று பெயர்.

ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகாத இந்தக் கடிதத்தில் நான்கு பகுதிகள்: எண்கள், நடந்த நல்லது, நடந்த கெட்டது, ஒரே ஒரு உதவி. சொல்வது சுலபம். எழுதும்போது எங்கே கை தடுமாறுகிறது என்று பார்க்க, ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

திருப்பூரில் ஐந்து பேர் நடத்தும் சிறிய சாப்ட்வேர் கம்பெனி அது. பனியன் துணி கட்டிங் முடிந்ததும் பண்டல் பண்டலாகத் தையலுக்குப் போகும், அங்கிருந்து பிரிண்டிங், செக்கிங், அயர்னிங் என்று ஒவ்வொரு யூனிட்டாக நகரும். எந்த லாட் எங்கே நிற்கிறது என்று போனிலேயே பார்க்க ஒரு செயலி செய்திருக்கிறார்கள். ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றுக்கு மாதச் சந்தா 2,500 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. மாத ஆரம்பத்தில் 62 வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். 6 பேர் புதிதாக வந்தார்கள், 4 பேர் போய்விட்டார்கள். ஆக 64 பேர், மாத வருமானம் 1,60,000 ரூபாய். போன மாதம் 1,55,000.

இங்கேதான் முதல் சறுக்கல் காத்திருக்கிறது. 64 பேரில் இரண்டு பேர் அந்த மாதம் முழு ஆண்டுச் சந்தாவையும் மொத்தமாகக் கட்டிவிட்டார்கள். ஆளுக்கு 30,000, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் இருவரிடமிருந்தும் 70,800 ரூபாய் வங்கியில் ஏறியிருக்கிறது. பாஸ்புக்கைப் பார்த்தால் சந்தோஷம்தான். ஆனால் அதில் 10,800 ரூபாய் அரசாங்கத்தின் பணம், கம்பெனி கொஞ்ச நாள் பையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மீதி 60,000த்தில் இந்த மாதத்துக்குரியது 5,000 மட்டுமே. அடுத்த பதினொரு மாதம் அந்த இருவரிடமிருந்து ஒரு பைசா வராது.

மற்ற 62 பேரிடமிருந்து வர வேண்டியது 1,55,000. வந்தது 1,30,000. பத்து யூனிட்கள் இன்னும் கட்டவில்லை என்று அர்த்தம். சம்பளம், வாடகை, சர்வர் கட்டணம், பெட்ரோல் எல்லாம் சேர்த்துச் செலவு 5,30,000. ஆக, வழக்கமான ஒரு மாதத்தில் கையிலிருந்து கரைவது 4,00,000 ரூபாய். வங்கியில் 36 லட்சம் இருக்கிறது. வகுத்தால் ஒன்பது மாதம். இந்த ஒன்பதைத்தான் ‘ரன்வே’ என்கிறார்கள். விமானம் மேலே எழும்புவதற்குள் மிச்சமிருக்கும் ஓடுபாதை.

அந்த 70,800ஐயும் வரவில் சேர்த்துவிட்டால் கரைவது 3,29,200 ஆகிவிடும், ரன்வே கிட்டத்தட்ட பதினொரு மாதமாக நீளும். யாரும் பொய் சொல்லவில்லை, வங்கிக்கு வந்த பணம்தானே? ஆனால் கடிதத்தில் இரண்டு மாதம் கூடிவிட்டது, கம்பெனியில் கூடவில்லை. புதிதாக முதலீடு திரட்ட ஆறு மாதம்கூட ஆகலாம் என்கிற நிலையில், இந்த இரண்டு மாதப் பிசகு நிறுவனரையே ஏமாற்றிவிடும். பதினொன்று என்று நினைப்பவர் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்பார். ஒன்பது என்று தெரிந்தவர் இந்த வாரமே போனை எடுப்பார்.

அமெரிக்காவில் ஒய் காம்பினேட்டர் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரஹாம் 2015இல் ஒரு கட்டுரையில் இதையே கேள்வியாகக் கேட்டார். செலவு இதே அளவில் நின்று, வருமானம் இதே வேகத்தில் வளர்ந்தால், கையிருப்பு தீர்வதற்குள் கம்பெனி சொந்தக் காலில் நின்றுவிடுமா? நின்றுவிடும் என்றால் உயிருள்ள கம்பெனி, இல்லை என்றால் செத்துக்கொண்டிருக்கும் கம்பெனி. நம் திருப்பூர் கம்பெனி மாதம் சுமார் 3.2 சதவீதம் வளர்கிறது. ஒன்பது மாதம் கழித்து மாத வருமானம் சுமார் 2,13,000 ஆகும். செலவோ 5,30,000. பதில் தெரிந்துவிட்டது. கடிதத்தின் மூன்றாவது வரியிலேயே இதை எழுதும் நிறுவனர்கள் குறைவு. எழுதுபவரிடம்தான் முதலீட்டாளர்கள் அடுத்த முறையும் பேசுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நல்ல செய்திக்கு அதிக இடம் வேண்டாம். ஏதோ ஒரு மேடையில் விருது வாங்கிய போட்டோ இதில் சேராது. அதனால் எந்த எண்ணும் நகரவில்லை. ஒரு ஏற்றுமதி கம்பெனி, தனக்குத் தைத்துக் கொடுக்கும் ஐந்து யூனிட்களையும் இந்தச் செயலியைப் போடச் சொன்னது. புதிதாக வந்த 6 பேரில் 5 பேர் அந்த ஒரே வழியாக வந்தவர்கள். இது செய்தி. ஒவ்வொரு யூனிட்டாகக் கதவைத் தட்டுவதைவிட, வேலை கொடுப்பவரைப் பிடித்தால் வாங்குபவர்கள் கூட்டமாக வருவார்கள் என்று இது சொல்கிறது.

கெட்ட செய்தி நான்கு பேர் போனது. முதல் வரைவில் நிறுவனர் எழுதியது: “விலை காரணமாகச் சில வாடிக்கையாளர்கள் விலகினர்.” போனில் கேட்டபோது அவர்கள் சொன்ன காரணம் அதுதான். கடையை மாற்றும் எவரும் முகத்துக்கு நேரே சொல்லும் காரணமும் அதுதான். நேரில் போய்ப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. நான்கில் மூன்று யூனிட்களில் சூப்பர்வைசர் வாரம் முழுக்க நோட்டில்தான் பண்டல் கணக்கு எழுதுகிறார். சனிக்கிழமை பீஸ் ரேட் கூலி போட வேண்டும், அதற்காக அன்று மத்தியானம் உட்கார்ந்து ஆறு நாள் கணக்கையும் செயலியில் ஏற்றுகிறார். செவ்வாய்க்கிழமை ஓனர் போனைத் திறந்தால் போன வாரத்து நிலவரம்தான் இருக்கும். அப்படிப்பட்ட செயலிக்கு 2,500 எதற்கு என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. இரண்டாவது வரைவில் கடிதம் இப்படி மாறியது: “நான்கு பேர் போனார்கள். மூன்று இடங்களில் தினசரிப் பதிவு நடக்கவில்லை. இருப்பவர்களில் இன்னும் 14 யூனிட்களில் இதே நிலைமை. பண்டல் சீட்டைப் போட்டோ எடுத்தாலே பதிவாகும்படி இந்த மாதம் மூன்று யூனிட்களில் சோதனை செய்கிறோம்.”

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த 14. போனவர்களைப் பற்றி மட்டும் எழுதினால் அது வருத்தம். அடுத்து யார் போகக்கூடும் என்று எழுதினால்தான் படிப்பவர் ஏதாவது செய்ய முடியும். மில் மேலாளராக இருந்தவர் இதைப் படித்துவிட்டு, ஷிப்ட் முடிகிற நேரத்தில் கணக்கு வாங்கத் தன் காலத்தில் என்ன செய்தார் என்று எழுதி அனுப்பலாம்.

ரொம்பப் பெரிய கெட்ட செய்தியைக் கடிதத்தில் முதன்முதலாகச் சொல்லக் கூடாது என்று ஒரு நடைமுறை உண்டு. கூட்டு நிறுவனர் விலகுகிறார், சம்பளம் போட முடியவில்லை என்பது போன்றவற்றை முக்கிய முதலீட்டாளர்களுக்கு முதலில் போனில் சொல்லிவிட வேண்டும். அதே போல, கடிதம் யாருக்கு வேண்டுமானாலும் பார்வர்டு ஆகலாம் என்ற நினைப்போடுதான் எழுத வேண்டும். போட்டிக் கம்பெனியிலும் பணம் போட்டவர் அந்தப் பதினோரு பேரில் இருக்கக்கூடும். ஆகவே வாடிக்கையாளரின் பெயரும் விலைப் பேரமும் உள்ளே வராது.

கடைசிப் பகுதியான உதவிதான் பெரும்பாலும் வீணாகிறது. “உங்களுக்குத் தெரிந்த நல்ல வாடிக்கையாளர்களை அறிமுகப்படுத்தினால் நன்றி” என்று எழுதினால் பதினோரு பேரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் எதுவும் செய்யமாட்டார்கள். யாரை, எதற்கு என்று யோசிக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டியாகிவிட்டது. ஆள் வேண்டும், வாடிக்கையாளர் வேண்டும், அலுவலகம் வேண்டும் என்று ஐந்து உதவி கேட்டாலும் இதே கதைதான். மற்றொருவர் மற்றொன்றைப் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள்.

நம் கம்பெனி கேட்க வேண்டியது அந்த மாதத்து எண்களிலேயே இருக்கிறது. ஏற்றுமதி கம்பெனி வழியாக 5 பேர் வந்தார்கள், அப்படி இன்னும் ஒரு கம்பெனி வேண்டும். ஆகவே: “20 ஜாப் ஒர்க் யூனிட்களுக்கு மேல் வேலை கொடுக்கும் திருப்பூர் ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் உற்பத்தி மேலாளரை உங்களுக்குத் தெரியுமா? 20 நிமிடம் பேச வேண்டும். அவருக்கு அப்படியே பார்வர்டு செய்ய நான்கு வரி கீழே கொடுத்திருக்கிறேன்.” படிப்பவர் மனதில் ஒரு முகம் வரும், அல்லது வராது. வந்தால் ஒரே அழுத்தில் வேலை முடியும்.

மாதக் கணக்கில் கடிதம் வாங்கிப் பழகிய முதலீட்டாளருக்கு, எண்களைப் படிக்கும் முன்பே கம்பெனியின் உடம்பு நிலை தெரிந்துவிடும். ஐந்தாம் தேதி வந்த கடிதம் பன்னிரண்டுக்குப் போகிறது, பிறகு இருபத்து மூன்றுக்கு. நான்கு மாதம் ‘கட்டணம் செலுத்தும் யூனிட்’ என்றிருந்த வரி ஐந்தாம் மாதம் ‘பதிவு செய்த யூனிட்’ என்று மாறுகிறது. எண் திடீரென்று இரட்டிப்பாகிறது. வங்கி இருப்பு வரி சத்தமில்லாமல் காணாமல் போகிறது. இதனால்தான் பழக்கமுள்ள நிறுவனர்கள் போன மாத எண்ணையும் அதற்கு முந்தைய மாத எண்ணையும் பக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள். வரிகளின் பெயரையும் வரிசையையும் மாற்றுவதில்லை. மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஏன் என்று ஒரு வரி எழுதி, பழைய மாதங்களையும் புதிய கணக்குப்படி திருத்திக் கொடுக்கிறார்கள்.

கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வராது. பதினோரு பேரில் இரண்டு பேர் எழுதினால் அதிகம். படிக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆறு மாதம் கழித்து எங்கோ ஒரு கல்யாண வீட்டில், அந்தப் பண்டல் சீட்டு போட்டோ என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்பார்.

அடுத்த மாதக் கடிதத்தின் முதல் பத்தி இப்படி ஆரம்பிக்கிறது: “போன மாதம் ஓர் அறிமுகம் கேட்டிருந்தேன். இரண்டு கிடைத்தன. ஒருவர் சந்தித்தார், அவருடைய 22 யூனிட்களில் 4 யூனிட் சோதனைக்குச் சம்மதித்திருக்கின்றன. இன்னொருவர் இரண்டு முறை நேரம் கொடுத்து ரத்து செய்துவிட்டார். வங்கி இருப்பு 32,10,000. ரன்வே எட்டு மாதம்.”